சோலார் வாட்டர் ஹீட்டரா, கீசரா? முதலில் வாளியை அளந்து பாருங்கள்

சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டால் மூன்றே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று விற்பவர் சொல்வார். அது பொய்யில்லை. யார் வீட்டில் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். பத்துப் பேர் தினமும் வெந்நீரில் குளிக்கிற வீட்டுக்கும், குளிர்காலத்தில் மட்டும் இரண்டு பேர் கீசரைத் தொடுகிற வீட்டுக்கும் மேலே வெயில் ஒன்றுதான். கீழே கணக்கு வேறு.

அதனால் பொருளைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டு வெந்நீரைப் பாருங்கள். ஒரு வாளி, ஒரு கடிகாரம், தண்ணீரின் சூடு பார்க்கிற சாதாரண வெப்பமானி ஒன்று, ஒரு வாரப் பொறுமை. இவ்வளவு போதும்.

முதல் வேலை: எவ்வளவு வெந்நீர்?

குளிக்கிற வாளியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஷவரில் குளிப்பவர் என்றால், ஷவரின் கீழே வாளியை வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அந்த லிட்டரை, அவர் எத்தனை நிமிடம் குளிக்கிறாரோ அதனால் பெருக்குங்கள். கொதிக்கக் கொதிக்க வருகிற வெந்நீரை அளக்கத் தேவையில்லை. விளாவிய பிறகு, உடம்பில் ஊற்றுகிற பதத்தில் இருக்கும் தண்ணீரை அளந்தால் போதும். பச்சைத் தண்ணீரிலிருந்து அந்தப் பதம் வரை ஏற்றிய சூடுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது.

அடுத்து இரண்டு சூடுகளைக் குறியுங்கள்: குளிக்கிற நேரத்தில் குழாயில் வரும் பச்சைத் தண்ணீரின் சூடு, விளாவிய தண்ணீரின் சூடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டும்.

இனி ஒரே ஒரு வாய்ப்பாடு. ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். ஆகவே,

லிட்டர் × டிகிரி வித்தியாசம் ÷ 860 = யூனிட்

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 25 லிட்டர், ஆக 100 லிட்டர். பாத்திரம் கழுவ இன்னொரு 20 லிட்டர். பச்சைத் தண்ணீர் 24 டிகிரி, விளாவியது 40 டிகிரி, வித்தியாசம் 16. 120 × 16 = 1920. அதை 860ஆல் வகுத்தால் 2.2 யூனிட்டும் கொஞ்சமும் வரும். கீசருக்குள்ளும் குழாய்க்குள்ளும் மிச்சம் நின்று ஆறிப்போகிற சூட்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 2.5 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு சரிதானா என்று மின் மீட்டரிலேயே பார்த்துவிடலாம். வீட்டில் மற்ற பெரிய சாதனங்களை நிறுத்திவிட்டு, கீசரைப் போடுவதற்கு முன்னும் எல்லோரும் குளித்து முடித்த பின்னும் மீட்டரைப் படியுங்கள். கணக்குக்கும் மீட்டருக்கும் பெரிய இடைவெளி இருந்தால், வீட்டில் யாரோ கீசரை அணைக்காமல் விடுகிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நாள் முழுக்க ஓடவிட்ட சேமிப்பு கீசர், யாரும் குளிக்காவிட்டாலும் தன் சூட்டைத் தக்கவைக்கவே அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை தின்னும். எங்கள் வீட்டில் நான் முதல் வாரம் அளந்தபோது கண்டுபிடித்தது இதைத்தான். சுவிட்சை அணைக்கும் பழக்கம் வந்ததும் அந்தக் கணக்கு அப்படியே இறங்கியது. இது செலவே இல்லாத சேமிப்பு. இதையும் சோலாரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற அரை யூனிட்தான் ஆகும். 2000 வாட் எலிமென்ட் அதை 16 நிமிடத்தில் முடித்துவிடும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கீசரைப் போட வேண்டிய அவசியம் எந்த வீட்டிலும் இல்லை.

இரண்டாவது: வருடத்தில் எத்தனை நாள்?

முடிவைத் தீர்மானிக்கிற எண் இதுதான் என்பேன். அதே நான்கு பேர் வருடம் முழுவதும் வெந்நீரில் குளித்தால் 2.5 × 365, அதாவது சுமார் 910 யூனிட். குளிர்ந்த நான்கு மாதங்கள் மட்டும் என்றால் 2.5 × 120, வெறும் 300 யூனிட். ஆட்களும் பொருளும் மாறவில்லை, தேவை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

மாதங்களை எண்ணும்போது உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். 'சோலார் இருந்தால் கோடையிலும் வெந்நீரில் குளிப்போமே' என்று தோன்றும். குளிக்கலாம், அது சுகம். ஆனால் சேமிப்பு ஆகாது. கீசர் இருந்திருந்தால் அந்த மாதங்களில் நீங்கள் அதைப் போட்டிருக்கவே மாட்டீர்கள்.

மூன்றாவது: வெயில் தருவதில் எவ்வளவு உங்களுக்கு ஒட்டும்?

தெளிந்த வெயில் அடிக்கும் நாளில், இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சோலார் ஹீட்டர் சுமார் ஐந்து யூனிட்டுக்குச் சமமான சூட்டைத் தண்ணீருக்குள் இறக்கும். 100 லிட்டரை 40 டிகிரிக்கு மேல் ஏற்ற அது போதும். விற்பவர் இந்த ஐந்து யூனிட்டை 365ஆல் பெருக்கி ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார். அந்த எண்ணில் இரண்டு ஓட்டைகள்.

முதல் ஓட்டை: உங்கள் வீட்டுக்குத் தேவையே 2.5 யூனிட்தான். மீதிச் சூடு டேங்கிலேயே நின்று ஆறிப்போகும். கோடையில் தண்ணீர் கொதிக்கிற அளவுக்குப் போனாலும் அதை எடுத்துவைத்து மழைக்காலத்தில் குளிக்க முடியாது. சோலார் மிச்சப்படுத்துவது, கீசர் செலவழித்திருக்கக்கூடிய யூனிட்டை மட்டும்தான்.

இரண்டாவது ஓட்டை: வெந்நீர் அதிகம் தேவைப்படும் நாட்களில்தான் வெயில் குறைவாக இருக்கும். மூட்டமான நாட்கள் இரண்டு சேர்ந்து வந்தால் டேங்க் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அன்றைக்கு மின்சாரம்தான் கைகொடுக்க வேண்டும். நேரமும் ஒரு காரணம். டேங்கில் சூடு உச்சத்தில் இருப்பது பிற்பகல் 4 மணி வாக்கில். நல்ல காப்பு உள்ள டேங்க் ஒரு இரவில் ஐந்து டிகிரி வாக்கில் இழக்கும். காலையில் குளிப்பவருக்கு அது மிஞ்சும். மாலையில் எல்லோரும் டேங்கைக் காலி செய்துவிட்டால் மறுநாள் காலைக்கு ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் சேர்த்து, ஓரளவு நல்ல வெயில் உள்ள இடத்தில் தேவையில் 75 சதவீதத்தைச் சோலார் ஏற்கும் என்று கணக்கு வையுங்கள். மூட்டம் அதிகமுள்ள இடம் என்றால் 60 சதவீதம். நூறு சதவீதம் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டாம்.

அளவு விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். நம் வீட்டுக்கு 120 லிட்டர் வெந்நீர் வேண்டும், எனவே 200 லிட்டர் டேங்க் என்று சொல்வார்கள். 120 லிட்டர் என்பது விளாவிய கணக்கு. டேங்கில் 60 டிகிரியில் தண்ணீர் இருந்தால், 24 டிகிரிப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரி ஆக்க, மொத்தத்தில் 44 சதவீதம்தான் டேங்கிலிருந்து எடுக்க வேண்டும். அதாவது 53 லிட்டர். சுமாரான வெயிலில் டேங்க் 45 டிகிரி வரைதான் ஏறியது என்று வைத்துக்கொண்டாலும் 91 லிட்டர் போதும். இந்த வீட்டுக்கு 100 லிட்டர் டேங்க் சரியான அளவு. பெரிதாக வாங்கினால் விலைதான் கூடும், மிச்சமாகிற யூனிட் கூடாது.

நான்காவது: போட்ட பணம் எப்போது திரும்பும்?

விலையும் மின் கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும். அதனால் பணத்தை யூனிட்டாக மாற்றிக்கொள்வது எனக்கு எளிதாக இருக்கிறது. சோலாருக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற தொகையை, உங்கள் ஊரில் ஒரு யூனிட்டின் விலையால் வகுங்கள். வருவது, 'இந்தச் சோலார் எத்தனை யூனிட் விலைக்குச் சமம்' என்கிற எண். பிறகு அதை வருடத்துக்கு மிச்சமாகும் யூனிட்டால் வகுத்தால் வருடக் கணக்கு கிடைத்துவிடும்.

இதில் இரண்டு இடங்களில் எல்லோரும் சறுக்குவார்கள்.

ஒன்று, யூனிட்டின் விலை. பயன்பாடு கூடக் கூடக் கட்டணமும் ஏறுகிற அடுக்கு முறை உங்கள் ஊரில் இருந்தால், மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி உதவாது. சோலார் வந்தால் முதலில் குறைவது உங்கள் பில்லின் உச்சியில் இருக்கும், விலை அதிகமான யூனிட்கள். அந்த அடுக்கின் விலையையே எடுங்கள். மாறாக, உங்கள் பயன்பாடு மிகக் குறைந்த கட்டண அடுக்கிலேயே அடங்கிவிடுகிறது என்றால் சோலாருக்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கூடுதல் தொகை எது என்பது. புது வீட்டுக்கு இரண்டில் ஒன்றை வாங்குகிறீர்கள் என்றால், சோலாரின் விலையிலிருந்து கீசரின் விலையைக் கழிக்கலாம். ஆனால் மூட்ட நாளுக்கென்று கீசரையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் (பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்) கழிக்க ஒன்றும் இல்லை. சோலாரின் முழு விலையும், குழாய் இழுத்த செலவும், தேவைப்பட்டால் டேங்க் மேடை கட்டிய செலவும் கூடுதல் தொகைதான்.

நம் நான்கு பேர் வீட்டில் அந்தத் தொகை 4000 யூனிட் விலைக்குச் சமமாக வந்தது என்று வைப்போம். வருடம் முழுவதும் வெந்நீர் பயன்படுத்தினால் தேவை 912 யூனிட். அதில் 75 சதவீதம், 684 யூனிட் மிச்சம். சோலாருக்குக் கீசரைவிடக் கூடுதலாக ஆகும் பராமரிப்பு, வருடத்துக்கு 100 யூனிட் விலை என்று கழித்தால் 584. நாலாயிரத்தை அதனால் வகுத்தால் ஏறக்குறைய ஏழு வருடம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட சோலார் 15 வருடம் உழைக்கும் என்பதால் இது நல்ல முதலீடுதான். ஆனால் 'மூன்றே வருடம்' இல்லை.

அதே வீடு நான்கு மாதம் மட்டும் பயன்படுத்தினால்? தேவை 300, மிச்சம் 225, பராமரிப்பு போக 125. நாலாயிரத்தை 125ஆல் வகுத்தால் 32 வருடம். டேங்க் அதற்கு வெகுகாலம் முன்பே இரும்புக் கடைக்குப் போயிருக்கும். இந்த வீட்டுக்குக் கீசர்தான். யோசிக்கவே வேண்டாம்.

ஆறு பேர், ஆளுக்கு 40 லிட்டர் ஷவர், வருடம் முழுவதும் என்று மாற்றிப் பாருங்கள். ஒரு நாளைக்கு வீணோடு சேர்த்து 5 யூனிட், வருடத்துக்கு 1825. மிச்சம் சுமார் 1370. பெரிய டேங்க் என்பதால் கூடுதல் தொகை 5500 யூனிட், பராமரிப்பு 120 யூனிட் என்று வைத்தாலும் நாலரை வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். ஆட்கள் கூடக் கூட விலை அதே வேகத்தில் ஏறாது, மிச்சம் ஏறும். மூன்று வருடம் என்ற பேச்சு பிறந்தது இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

ஐந்தாவது: மாடியைப் பார்ப்பது

கணக்கு சோலார் பக்கம் சாய்ந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் மாடிக்கு ஏறிப் பாருங்கள். காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழல் விழாத இடம் வேண்டும். பக்கத்தில் மாடி எழும்பப் போகிற காலி மனை இருந்தால் அதையும் நினைவில் வையுங்கள். வடக்கு அரைக்கோளத்தில் ஹீட்டர் தெற்கு பார்க்க வேண்டும், தெற்கு அரைக்கோளத்தில் வடக்கு பார்க்க வேண்டும்.

மோட்டார் இல்லாத சாதாரண சோலாரில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் தானாக இறங்கி வரவேண்டும். ஆகவே தொட்டியின் அடிப்பாகம் சோலார் டேங்கின் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பல வீடுகளில் இது இருக்காது. தொட்டியை உயர்த்த மேடை கட்டும் செலவு அங்கேதான் முளைக்கும்.

அதைவிட முக்கியம், குழாயின் நீளம். 20 மில்லிமீட்டர் உள் விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு 0.31 லிட்டர் தண்ணீர் நிற்கும். டேங்கிலிருந்து குளியலறை 15 மீட்டர் என்றால் ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒருவர் குளித்து முடித்ததும் அந்த ஐந்து லிட்டர் வெந்நீர் குழாயிலேயே நின்று ஆறிவிடும். அடுத்தவர் வந்து அதைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான்கு பேரும் வரிசையாகக் குளித்தால் நஷ்டம் ஒரு முறை. ஆளுக்கொரு நேரத்தில் குளித்தால் நான்கு முறை, கிட்டத்தட்ட 19 லிட்டர். டேங்க் தண்ணீர் 50 டிகிரி என்றால் அரை யூனிட்டுக்கு மேல் சூடும், கூடவே ஒரு வாளித் தண்ணீரும் தினமும் போகிறது. நம் வீட்டின் மொத்தத் தேவையே 2.5 யூனிட் என்பதை நினைத்துப் பாருங்கள். டேங்கைக் குளியலறைக்கு நேர் மேலே வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் குழாய்க்கு நுரைக் காப்பு போடச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் தடித்த குழாய் வேண்டாம்.

வெந்நீர்க் குழாய் சாதாரண பிவிசியாக இருக்கக் கூடாது, சூட்டில் வளைந்து மூட்டுகள் விட்டுப்போகும். சிபிவிசி மாதிரி வெந்நீருக்கென்று உள்ள குழாய்தான் போட வேண்டும்.

ஆறாவது: பராமரிப்பில் என்ன வரும்?

இரண்டுக்கும் பெரிய எதிரி உப்புத் தண்ணீர். ஆனால் அது இரண்டையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை.

கீசரின் எலிமென்ட்மேல் உப்பு படிந்தால் மின்சாரம் அதிகம் செலவாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அங்கே செலவு அவ்வளவு கூடாது. எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே முங்கியிருக்கிறது, அதன் சூடு தண்ணீருக்குள் போகாமல் வேறு எங்கே போகும்? கெடுவது எலிமென்ட்தான். சூட்டை வெளியே தள்ள முடியாமல் தனக்குள் அளவுக்கு மீறிச் சூடேறி ஒரு நாள் வெடித்துவிடும். அதற்கு முன்பே அறிகுறி காட்டும்: தண்ணீர் கொதிப்பது போன்ற இரைச்சல், கீசருக்குள் கரகர சத்தம். எலிமென்டில் கீறல் விழுந்தால் மின்கசிவு தடுப்பு சுவிட்ச் விழத் தொடங்கும். அப்போது சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதோ, அதைச் சுற்றி நேராக வயர் கொடுக்கச் சொல்வதோ உயிரோடு விளையாடுவது. கீசரை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கீசருக்கு வேறு இரண்டு வேலைகள்தான். உள்ளே எனாமல் பூச்சுள்ள டேங்க் என்றால் அதில் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். டேங்கைத் துரு அரிக்காமல் இருக்க இந்தக் கம்பி தன்னைக் கரைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். பத்து வருடம் ஓட வேண்டிய கீசர் நான்கே வருடத்தில் ஒழுகுவதற்கு இந்தக் கம்பியை யாரும் பார்க்காததே பெரும்பாலும் காரணம். அப்புறம் சேஃப்டி வால்வு. சில மாதங்களுக்கு ஒரு முறை அதன் நெம்புகோலைத் தூக்கிப் பார்த்து, தண்ணீர் பீச்சுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். கீசர் சூடாகும்போது அதில் சொட்டினால் பயப்பட வேண்டாம், அடைக்கவும் வேண்டாம். 15 லிட்டர் தண்ணீர் 20லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெருகும். அது வெளியேறும் வழி அதுதான். கீசர் அணைந்திருக்கும்போதும் ஓயாமல் ஒழுகினால்தான் கோளாறு.

சோலாருக்கு வருவோம். இங்கே உப்பு படிந்தால் விளைச்சலே குறையும். வெயிலின் சூடு தண்ணீருக்குள் போக வழியில்லாமல் வெளிக்காற்றுக்கே திரும்பிவிடும். செம்புக் குழாய் வைத்த தட்டை வகையில், மெல்லிய குழாய்கள் உப்பால் அடைத்துக்கொண்டால் தண்ணீர்ச் சுழற்சியே நின்றுவிடும். உப்பு அதிகமுள்ள தண்ணீருக்கு அந்த வகையை நேரடியாகப் போடக் கூடாது. தனித் தண்ணீர் சுற்றி வந்து டேங்கைச் சூடாக்கும் அமைப்பாக இருக்க வேண்டும். கண்ணாடிக் குழாய் வகை இதைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் உப்புத் துகள் குழாயின் அடியில் குவிந்துகொண்டே போகும். டேங்கின் அடியில் உள்ள வடிகால் வால்வை மாதம் ஒரு முறை திறந்து கலங்கல் போகும் வரை விடுவதும், வருடத்துக்கு ஒரு முறை குழாய்களைக் கழற்றிக் கழுவுவதும் கட்டாயம். அந்த 100 யூனிட் கணக்கில் நான் வைத்தது இந்த வேலைக்கான கூலி, ரப்பர் வளையங்கள், எப்போதாவது உடையும் ஒரு குழாய் ஆகியவற்றைத்தான்.

கண்ணாடிக் குழாய் கெட்டுவிட்டதா என்று பார்க்க ஆள் தேவையில்லை. நல்ல குழாயின் அடி நுனியில் வெள்ளிப் பூச்சு பளபளக்கும். உள்ளே வெற்றிடம் போய்க் காற்று புகுந்துவிட்டால் அந்த இடம் பால் வெள்ளையாக மாறிவிடும். இன்னொரு சோதனை, நல்ல வெயிலில் கையை வைத்துப் பார்ப்பது. நல்ல குழாயின் வெளிப்புறம் சுடாது, கெட்டது சுடும்.

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். தொட்டி காலியாகி, சோலாரில் தண்ணீர் இல்லாமல் வெயிலில் காய்ந்திருந்தால், தண்ணீர் வந்ததும் உடனே திறந்துவிடக் கூடாது. உள்ளே குழாய் அடுப்புக் கல் மாதிரி இருக்கும். பச்சைத் தண்ணீர் பட்டதும் படபடவென்று வெடிக்கும். பகலில் மூடிவைத்துவிட்டு, இரவு ஆறிய பிறகோ விடியுமுன்போ நிரப்புங்கள்.

டேங்கின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாயை, பூச்சி போகிறது, ஆவி போகிறது என்று யாராவது அடைப்பார்கள். அடைத்தால் ஆவி வெளியே போக முடியாமல் டேங்க் வீங்கும். வெந்நீரை எடுக்கும்போது காற்று உள்ளே வர முடியாமல் நசுங்கும். அந்தக் குழாயின் வாய், மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாகவும் திறந்தும் இருக்க வேண்டும்.

இனி, ஆளைக் குழப்புகிற ஒரு கோளாறு. மாலையில் டேங்க் நன்றாகச் சுடுகிறது, காலையில் பச்சைத் தண்ணீராக இருக்கிறது. உடனே சோலார் சரியில்லை என்று சண்டைக்குப் போவோம். நானும் போயிருக்கிறேன். காரணம் குளியலறையில் இருந்தது. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் குழாயைத் திறந்தபடி விட்டு, அதன் நுனியில் மாட்டிய கைஷவரை மட்டும் மூடியிருந்தார்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயில் அழுத்தம் அதிகம். அது மிக்ஸர் வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி, இரவெல்லாம் டேங்குக்குள் போய்க் காற்றுக்குழாய் வழியாக வழிந்திருக்கிறது. மாடித் தரை காலையில் ஈரமாக இருந்ததை நான் பனி என்று நினைத்திருந்தேன். மிக்ஸரை மூடப் பழகியதும் சரியாகிவிட்டது. இரண்டு பக்கமும் திரும்பாவால்வு போட்டால் மறதிக்கும் இடமில்லை. பச்சைத் தண்ணீருக்கு மட்டும் அழுத்த மோட்டார் வைத்திருப்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக, மின் துணையை எங்கே வைப்பது?

சோலார் டேங்குக்குள்ளேயே ஒரு எலிமென்ட் வைத்துத் தருவார்கள். பார்க்க வசதி, பில்லுக்கு வினை. மூட்ட நாளில் குளிக்க ஒரே ஒருவர் இருந்தாலும் 100 லிட்டர் முழுவதையும் சூடாக்கும். இரவில் அதைப் போட்டுவிட்டு மறந்தால், காலையில் வெயில் வரும்போது டேங்க் ஏற்கெனவே சூடாக இருக்கும். வெயிலுக்கு வேலையில்லை. அந்த 75 சதவீதம் பாதியாகிவிடும்.

குளியலறையில் பத்து அல்லது 15 லிட்டர் கீசர் ஒன்றை வைத்து, சோலார் தண்ணீர் அதன் வழியாக வரும்படி செய்வது நல்லது. வருகிற தண்ணீர் சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் எலிமென்டை எழுப்பாது. வெதுவெதுப்பாக இருந்தால் மீதிச் சூட்டை மட்டும் ஏற்றும். வாங்கும்போது, உள்ளே வரும் தண்ணீர் எத்தனை டிகிரி வரை இருக்கலாம் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் சோலார் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும், எல்லாக் கீசரும் அதைத் தாங்காது. அந்தச் சூடு நேராகக் குழாயில் வந்தால் நொடியில் தோல் வெந்துவிடும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில், தானாக விளாவித் தரும் கலவை வால்வு ஒன்றைக் குளியலறைக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

போட்டு முடிந்த முதல் மாதத்திலேயே, நல்ல வெயில் அடித்த ஒரு நாளில் யாரும் வெந்நீர் எடுக்காமல் வைத்து, மாலை 4 மணிக்கு டேங்கின் சூட்டைப் பாருங்கள். மறுநாள் காலை 6 மணிக்கு இன்னொரு முறை பாருங்கள். இரண்டு எண்களையும் தேதியோடு டேங்கின் காலில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, அதே மாதத்தில் அதையே திரும்பச் செய்யுங்கள். மாலை எண் இறங்கியிருந்தால் உப்போ, கெட்ட குழாயோ, கண்ணாடியில் படிந்த தூசியோ. மாலை எண் சரியாக இருந்து காலை எண் மட்டும் இறங்கியிருந்தால் டேங்கின் காப்புக்குள் ஈரம் போயிருக்கிறது, இல்லை என்றால் யாரோ மிக்ஸரைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.